அட்டையில் செலுத்திய பின் வரும் பற்றுச்சீட்டு: வராதபோதும் பொருந்தாதபோதும் எங்கே பார்ப்பது

கடையில் அட்டையால் பணம் செலுத்திய பின் ஒருவருக்கு இரண்டு செய்திகள் வரக்கூடும். ஒன்றை அனுப்புவது அந்த அட்டையை அவருக்கு வழங்கிய வங்கி. மற்றதை அனுப்புவது கடையின் பக்கம், அதாவது கடைக்கு அட்டை இயந்திரத்தைக் கொடுத்த வங்கியோ, அந்த வங்கிக்காகப் பற்றுச்சீட்டுச் சேவையை நடத்தும் நிறுவனமோ. வங்கியின் செய்தி, கணக்குத் திறந்தபோது பதிந்த இலக்கத்துக்குத் தானாக வந்து சேரும். கடையின் பற்றுச்சீட்டு, செலுத்தும் நேரத்தில் நாம் சொல்லக் காசாளர் இயந்திரத்தில் தட்டிய இலக்கத்துக்கோ மின்னஞ்சல் முகவரிக்கோ வரும். அட்டையின் சிப்பில் நமது தொலைபேசி இலக்கம் இல்லாததால் கடைக்கு அதை அறிய வேறு வழி கிடையாது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை கடை மேசைகளில் எழும் வாக்குவாதங்கள் பல, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் எழுபவை. ஆகவே, எந்தக் கோளாறானாலும் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: கையில் இருக்கும் செய்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

பற்றுச்சீட்டு எப்படி உருவாகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இயந்திரம் அட்டையை வாசித்து, தொகையோடு சேர்த்துத் தனது வங்கிக்கு அனுப்புகிறது. அது விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்பு வழியாக அட்டை வழங்கிய வங்கியை அடைகிறது. அங்கே கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து, ஒப்புதல் என்றால் 00 என்ற பதிற்குறியும் 6 எழுத்துகள் கொண்ட ஒப்புதல் இலக்கமும் திரும்பி வருகின்றன. இவை வந்து சேர்ந்த பிறகுதான் பற்றுச்சீட்டுக்கு வேண்டிய விபரம் இயந்திரத்திடம் முழுமையாக இருக்கிறது. தாள் என்றால் அதை உடனே அச்சிட்டுவிடும். இலத்திரனியல் பற்றுச்சீட்டு என்றால், அதே விபரத்தை இணையத்தின் வழியே பற்றுச்சீட்டுச் சேவையகத்துக்கு இன்னொரு முறை அனுப்பவேண்டும். சேவையகம் அதை ஒரு படிவத்தில் நிரப்பி, ஊகிக்க முடியாத நீண்ட முகவரியில் ஒரு பக்கமாக வைத்து, அதன் இணைப்பைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புகிறது. பணம் போவது ஒரு பயணம், சீட்டு வருவது இன்னொரு பயணம். சீட்டு வராததால் கொடுப்பனவு இரத்தாகிவிடாது.

அறிகுறி: இயந்திரம் APPROVED என்று காட்டியது, வங்கியின் செய்தியும் வந்தது, கடையின் பற்றுச்சீட்டு மட்டும் வரவில்லை

பணத்தைப் பற்றி இங்கே கவலை இல்லை. தடை இரண்டாவது பயணத்தில் இருக்கிறது. முதலில் தட்டிய இலக்கத்தைப் பாருங்கள். வீட்டிலே பழக்கப்பட்ட 021 அல்லது 024 எனத் தொடங்கும் நிலையான தொலைபேசி இலக்கத்தைச் சொல்லியிருந்தால் குறுஞ்செய்தி அங்கே போய்ச் சேராது. கைத்தொலைபேசி இலக்கமாக இருந்தாலும், சில இயந்திரங்கள் 07 எனத் தொடங்கும் 10 இலக்கங்களையே கேட்கும். வேறு சில +94 ஐத் தாமே முன்னால் சேர்ப்பதால், அவற்றில் முதல் 0 ஐ விட்டுவிட்டு 9 இலக்கங்களைத் தட்டவேண்டும். திரையில் +94 ஏற்கெனவே தெரிந்தால் 0 வேண்டாம் என்பது காசாளர்கள் மனதில் வைத்துக்கொள்ளத்தக்க எளிய விதி.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் உறவினர்களின் நிலை வேறு. உள்ளூர் இலக்கத்தை மட்டும் ஏற்கும் இயந்திரத்தில் இலண்டன் இலக்கத்தைத் தட்டவே முடியாது. தட்ட முடிந்தாலும், அனுப்புநர் இடத்தில் இலக்கத்துக்குப் பதிலாகக் கடையின் அல்லது வங்கியின் பெயர் நிற்கும் குறுஞ்செய்திகளை எல்லா நாடுகளும் அப்படியே ஏற்பதில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் அத்தகைய பெயருள்ள அனுப்புநருக்கு வழி இல்லாததால், செய்தி வேறோர் இலக்கத்திலிருந்து வரும் அல்லது வராமலே போகும். அவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பதே நல்லது.

மின்னஞ்சலில் எழுத்துப்பிழைதான் பெரிய எதிரி. சிறிய திரையில் விரலால் தட்டும்போது gmail.com என்பது gmail.con ஆகிவிடும், அந்த அஞ்சல் திரும்பி வந்தாலும் அது சேவையகத்துக்கு வருமேயன்றிக் கடைக்கு வராது, ஆகவே காசாளருக்குத் தெரியாது. முகவரி சரி என்றால் வேண்டாத அஞ்சல் பகுதியையும், அஞ்சல் செயலி தானாகப் பிரித்து வைக்கும் மற்றப் பகுதிகளையும் பாருங்கள். தேடும்போது கடையின் பெயரைத் தேடுவதைவிடத் தொகையைத் தேடுவது பயன்தரும், ஏனெனில் அனுப்புநராக நிற்பது பெரும்பாலும் கடையின் பெயராக இராது.

இலக்கமும் முகவரியும் சரியாக இருந்தும் வராவிட்டால், சீட்டு இன்னும் இயந்திரத்திலேயே காத்திருக்கக்கூடும். பல அட்டை இயந்திரங்கள் தமக்குள் இருக்கும் சிம்மின் வழியாகவே இணைகின்றன. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக உள்ளே போகப்போக அலைவரிசை நலிந்து மீளும் இடங்களில், ஒப்புதல் வந்த கையோடு இணைப்பு அறுந்தால், சில இயந்திரங்கள் சீட்டை வரிசையில் வைத்திருந்து இணைப்பு மீண்டதும் அனுப்பும். அப்படி வீட்டுக்குப் போன பின் வந்து சேரும் சீட்டில், செய்தி வந்த நேரம் ஒன்றாகவும் உள்ளே பதிந்த நேரம் வேறொன்றாகவும் இருக்கும். கணக்கில் கொள்ளவேண்டியது உள்ளே பதிந்த நேரம். அவசரம் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. இயந்திரத்தின் நினைவில் அந்தக் கொடுப்பனவு இருக்கும் வரை காசாளரால் REPRINT மூலம் அதன் பிரதியைத் தாளில் எடுத்துத் தரமுடியும்.

அறிகுறி: இயந்திரம் தோல்வி என்றது, வங்கியோ பணம் கழிந்தது என்று செய்தி அனுப்பியது

வன்னியில் அதிகம் மனக்கசப்பை உண்டாக்குவது இதுதான் என்பது என் எண்ணம்; ஆகவே ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம்.

புதுக்குடியிருப்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஒருவர் தண்ணீர்ப் பம்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 10:42 க்கு அட்டையைச் செருகி இரகசிய இலக்கத்தைத் தட்டுகிறார். இயந்திரம் நெடுநேரம் யோசித்துவிட்டு இணைப்புத் தவறியது என்று காட்டுகிறது. அதே நேரம் அவரது கைத்தொலைபேசி ஒலிக்கிறது: 18,450 ரூபா கழிக்கப்பட்டுள்ளது. கடைக்காரர் தனக்கு எதுவும் வரவில்லை என்கிறார். வாங்கியவர் தன் கணக்கில் போய்விட்டது என்கிறார். இருவரும் சொல்வது உண்மை. கேள்வி வங்கியைச் சென்றடைந்தது, வங்கி ஒப்புதல் தந்து தொகையை ஒதுக்கி வைத்தது, அந்த ஒப்புதல் திரும்பி வரும் வழியில் தொலைந்தது. வங்கியின் செய்தி ஒதுக்கி வைத்ததை அறிவிக்கிறதே தவிர, கடைக்குப் பணம் போய்ச் சேர்ந்ததை அறிவிக்கவில்லை.

பதில் வராத இயந்திரம் சும்மா இருப்பதில்லை. முந்தியதை இரத்துச் செய்துவிடு என்று சொல்லும் ஒரு செய்தியை, REVERSAL என்று குறிக்கப்படுவதை, அது அனுப்பவேண்டும். ஆனால் அதற்கும் இணைப்பு வேண்டும். அப்போது முடியாவிட்டால், பெரும்பாலான இயந்திரங்கள் அதை வைத்திருந்து, அடுத்த கொடுப்பனவைத் தொடங்கும்போது முதல் வேலையாக அனுப்புகின்றன. நமது எடுத்துக்காட்டில் 10:44 க்கு இரண்டாம் முறை முயன்றபோது இயந்திரம் வழமையை விடச் சற்று நேரம் எடுத்தது இதனால்தான். இரண்டாம் முறை ஒப்புதல் கிடைத்து, பின்வருமாறு ஒரு பற்றுச்சீட்டும் வருகிறது:

```
PUTHUKKUDIYIR  LK
TID 40012873
14/03/2025  10:44
BATCH 000212  TRACE 001287
VISA DEBIT  ************4821
CHIP  AID A0000000031010
APPR CODE 061735
RRN 507305001287
TOTAL  LKR 18,450.00
PIN VERIFIED
```

இப்போது வாங்கியவரிடம் வங்கியின் செய்திகள் இரண்டும் கடையின் பற்றுச்சீட்டு ஒன்றும் இருக்கின்றன. இரு முறை கழிந்துவிட்டதா என்பதை அறிய, கடைக்காரர் இயந்திரத்தில் பதிவான கொடுப்பனவுகளின் பட்டியலான DETAIL REPORT ஐ அச்சிட்டுப் பார்க்கவேண்டும். அன்றைய தொகுதியில், அதாவது BATCH 000212 இல், இரண்டாம் முயற்சிக்கு இயந்திரம் இட்ட வரிசை இலக்கமான TRACE 001287 உள்ள பதிவு மட்டும் 18,450 ரூபாவுக்கு இருந்தால், முதல் முயற்சிக்கான பணம் கடைக்கு வரப்போவதில்லை. இரவில் கடைக்காரர் SETTLEMENT கொடுக்கும்போது தொகுதியில் உள்ளவற்றுக்கே அவரது வங்கி பணம் கோரும். ஒதுக்கி வைத்த முதல் தொகை வாங்கியவருக்குத் திரும்பிவிடும். REVERSAL சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் விரைவில் திரும்பும். சேராவிட்டால், உரிமை கோரப்படாத ஒதுக்கீட்டை வங்கி தன் விதிப்படி விடுவிக்கும் வரை சில நாட்கள் பொறுக்கவேண்டியிருக்கும். திரும்பியதைச் சில வங்கிகள் செய்தியாக அறிவிப்பதில்லை, ஆதலால் செய்தியை எதிர்பார்த்திராமல் கணக்கு மீதியைப் பாருங்கள்.

அறிக்கையில் ஒரே அட்டைக்கு 18,450 ரூபா இரு முறை இருந்தால் கதை வேறு. அப்போது பணம் உண்மையாகவே இரு முறை கோரப்படும். SETTLEMENT கொடுப்பதற்கு முன்னர் என்றால், கடைக்காரர் மேலதிகமானதை அதன் TRACE இலக்கத்தைத் தட்டி VOID மூலம் இரத்துச் செய்துவிடலாம். அதற்கும் ஒரு பற்றுச்சீட்டு வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். SETTLEMENT முடிந்துவிட்டால் VOID இயலாது. பணம் மீளளிப்பாகத்தான் திரும்பவேண்டும், அதற்கு நாட்கள் ஆகும். ஆகையால் இந்தச் சரிபார்ப்பை அன்றைக்கே, கடை பூட்டுமுன் செய்வது நல்லது.

வங்கிக் கிளைக்கு முறைப்பாடு கொண்டுபோக நேர்ந்தால் RRN என்ற 12 இலக்கங்களே மிகவும் உதவும், ஏனெனில் கடையின் வங்கியிலும் அட்டை வழங்கிய வங்கியிலும் ஒரே கொடுப்பனவைத் தேடிப் பிடிக்க அது பயன்படுகிறது. எல்லா இடத்திலும் இல்லாவிடினும், பல இடங்களில் அது ஓர் ஒழுங்கோடு ஆக்கப்படுகிறது. மேலே உள்ளதைப் பிரித்துப் பாருங்கள்: 5 என்பது 2025 இன் கடைசி இலக்கம், 073 என்பது ஆண்டின் 73 ஆம் நாள், அதாவது மார்ச் 14, 05 என்பது கிரீனிச் நேரப்படி மணி, மீதி 001287, TRACE இலக்கமே. தோல்வியடைந்த முதல் முயற்சிக்குப் பற்றுச்சீட்டு இல்லாததால் RRN கையில் இராது. அதற்கு வங்கியின் செய்தியில் உள்ள நேரம், தொகை, அட்டையின் கடைசி 4 இலக்கங்கள் ஆகியவற்றோடு, இணைப்புத் தவறியதைக் காட்டும் சீட்டை இயந்திரம் அச்சிட்டிருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

அறிகுறி: கடையின் பெயரோ ஊரின் பெயரோ வேறாக இருக்கிறது

மேலே உள்ள சீட்டில் ஊரின் பெயர் அரைகுறையாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அட்டை வலையமைப்புகளில் ஊரின் பெயருக்கு 13 எழுத்துகளே இடம். KILINOCHCHI 11 எழுத்துகள், அடங்கும். MULLAITIVU வும் அடங்கும். PUTHUKKUDIYIRUPPU வுக்கு 17 வேண்டும், ஆகவே PUTHUKKUDIYIR என்று வெட்டுப்படுகிறது. நீளமான ஊர்ப் பெயர்களுக்குப் பெயர்போன நமது பகுதிக்கு இது பழக்கப்பட வேண்டியதுதான்.

கடையின் பெயர் மாறுவதற்குக் காரணம் வேறு. இயந்திரத்துக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த பதிவுப் பெயரே செய்தியில் வரும். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் வேறாக இருக்கலாம். கொழும்பில் தலைமையகம் உள்ள நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளையில் வாங்கினாலும், கிளையைத் தனியாகப் பதியாவிட்டால் COLOMBO என்றே வரும். பெயர் புரியாத செய்தியைக் கண்டதும் மோசடி என்று அட்டையை முடக்கிவிடாமல், நேரத்தையும் தொகையையும் அந்த நாளின் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் எதனோடும் பொருந்தாவிட்டால் உடனே வங்கியை அழையுங்கள்.

அறிகுறி: தொகை பொருந்தவில்லை

நமது எடுத்துக்காட்டில் கடையின் பில் 18,000 ரூபா என்றும், அட்டையின் பற்றுச்சீட்டு 18,450 ரூபா என்றும் இருந்தால், வித்தியாசம் 450. அது 18,000 இன் 2.5 சதவீதம். இப்படிச் சரியான சதவீதமாக வரும் வித்தியாசம், கடை தன் வங்கிக்குக் கொடுக்கவேண்டிய தரகை வாங்குபவர் மேல் சுமத்தியதன் அடையாளம். அவ்வாறு மேலதிகமாக அறவிடக்கூடாது என்று இலங்கை மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. இதைக் காட்ட ஒற்றைத் தாள் போதாது. பில்லும் பற்றுச்சீட்டும் இரண்டும் வேண்டும், ஏனெனில் அட்டை இயந்திரத்துக்குக் காசாளர் தட்டிய மொத்தத் தொகைதான் தெரியும், அது எப்படி வந்தது என்பது தெரியாது.

வெளிநாட்டு அட்டையென்றால், பற்றுச்சீட்டு ரூபாவிலும் வங்கியின் செய்தி பவுண்ஸிலோ டொலரிலோ இருக்கும். கணக்கில் இறுதியாகப் பதியும் தொகை, கொடுப்பனவு வங்கிகளுக்கிடையே தீர்க்கப்படும் போதுள்ள மாற்று வீதத்தின்படி முதற்செய்தியிலிருந்து சிறிது வேறுபடலாம். பற்றுச்சீட்டில் ரூபாவோடு வெளிநாட்டு நாணயத் தொகையும் வீதமும் அச்சிடப்பட்டிருந்தால் மட்டும், மாற்றம் இயந்திரத்திலேயே செய்யப்பட்டது என்று பொருள். அந்த வீதம் வங்கியின் வீதத்தை விட வழக்கமாகப் பாதகமானது. திரை நாணயத்தைத் தெரிவு செய்யச் சொன்னால் LKR ஐத் தெரிவு செய்யும்படி உறவினருக்குச் சொல்லி வையுங்கள்.

அறிகுறி: சீட்டில் உள்ள நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியதாக இருக்கிறது

சேவையகம் கிரீனிச் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றாமல் விட்டிருக்கிறது. மின்னஞ்சலில் 05:14 என்றிருந்தால் கடையில் அது 10:44. பணத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதிகாலை 5:30 க்கு முன்னர் செலுத்தியிருந்தால் திகதியும் ஒரு நாள் முந்திவிடும் என்பதை முறைப்பாடு எழுதும்போது நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி: பற்றுச்சீட்டு இருக்கிறது, வாங்கிய பொருளின் விபரம் இல்லை

இது கோளாறு அல்ல. தனித்து நிற்கும் அட்டை இயந்திரத்துக்குப் பம்பா, பைப்பா, ஆணியா என்று எதுவும் தெரியாது. கடையின் கணினியும் அட்டை இயந்திரமும் இணைக்கப்பட்டிருந்தால்தான், கணினி பொருட்களின் பட்டியலைச் சேர்த்து ஒரே சீட்டாக அனுப்பும். இணைக்கப்படாத கடையில் பம்புக்கு உத்தரவாதம் கோர வேண்டியிருந்தால், தொடர் இலக்கம் எழுதிய பில்லைத் தனியாக வாங்குங்கள். அட்டையின் பற்றுச்சீட்டு பணம் செலுத்தியதற்குச் சான்று. எதை வாங்கியதென்பதற்குச் சான்றாகாது.

அறிகுறி: நான் செலுத்தாத ஒன்றுக்குப் பற்றுச்சீட்டு வந்திருக்கிறது

வங்கியின் செய்தியும் கூடவே வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால், வேறொருவர் தன் இலக்கத்தைச் சொல்லும்போது ஓர் எண் தவறி உங்களுக்கு வந்திருக்கக்கூடும். சீட்டில் உள்ள கடைசி 4 இலக்கங்கள் உங்கள் அட்டைகள் எதனோடும் பொருந்தாவிட்டால் உங்கள் பணம் போகவில்லை. உண்மையான பற்றுச்சீட்டில் அட்டையின் முழு இலக்கமோ, பின்புறமுள்ள மூன்று இலக்கக் குறியோ இராது, ஏனெனில் அவற்றை அவ்வாறு காட்ட அட்டைத் துறையின் பாதுகாப்பு விதிகள் இடம் கொடுப்பதில்லை. அது உங்களிடம் எதையும் கேட்கவும் மாட்டாது. இணைப்பைத் திறந்ததும், கொடுப்பனவை இரத்துச் செய்ய அட்டை இலக்கத்தையோ தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் குறியையோ தரும்படி ஒரு பக்கம் கேட்டால், அது பற்றுச்சீட்டின் வடிவில் வந்த பொறி. பக்கத்தை மூடிவிட்டு, அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்தில் வங்கியை அழையுங்கள்.